பழைய ஆளிடம் புதிய வேலையைச் சொல்வது எப்படி?

எல்லைச் சாலைகள் அமைப்பில் பொறியாளராக இருந்தவர் தேவ் தத். 1993-94ஆம் ஆண்டுக்கான அவருடைய ரகசிய அறிக்கையில் மேலதிகாரி ‘குட்’ என்று எழுதினார். திட்டவில்லை, குறை சொல்லவில்லை. பாதகமான குறிப்பை மட்டும்தான் ஊழியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அதனால் இந்த ‘குட்’ அவர் கண்ணில் படவே இல்லை. பிறகு கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வு வந்தபோது, கடைசி ஐந்து ஆண்டும் ‘வெரி குட்’ வாங்கியிருக்க வேண்டும் என்று விதி குறுக்கே நின்றது. இளையவர்கள் மேலே போனார்கள், இவர் நின்றுவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 மே மாதம் தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வே பெற்றிருந்தார். குறிப்பு நல்லதோ கெட்டதோ, ஊழியரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். மத்திய அரசு 2009 மே மாதம் அதை ஆணையாக்கியது. முழு மதிப்பீட்டையும் ஊழியரிடம் கொடுக்க வேண்டும், பதில் எழுத 15 நாள் தர வேண்டும். 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் இதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பு அரசு ஊழியருக்கானது. நாகமலை புதுக்கோட்டையில் தேனி சாலையோரம் கடை வைத்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அது கண்டுபிடித்த தவறு அந்தக் கடையிலும்தான் நடக்கிறது. பதினைந்து, இருபது வருடம் கூடவே இருந்த ஒருவரின் வேலை நான்கைந்து வருடமாக ஓரிடத்தில் நிற்கிறது. முதலாளிக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும், கவுன்டரில் நிற்கும் பையனுக்கும் தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான். வருடா வருடம் “நல்லாத்தான் போகுதுண்ணே” என்று ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கொடுத்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

இப்படி ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பெயின்ட், பைப், பாத்ரூம் சாமான், எலெக்ட்ரிகல் சாமான் விற்கும் மொத்த வியாபாரம். அப்பா தொடங்கியது, இப்போது மகன் கையில். கணக்கு பார்ப்பவர் பதினெட்டு வருடமாக இருக்கிறார். முதலாளிக்கு அவர் ‘அண்ணே’, அவருக்கு முதலாளி ‘தம்பி’. எந்த சப்ளையர் எந்தக் கிழமை பணம் கேட்பான், எவன் செக் திரும்பி வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். கை சுத்தம்.

ஆனால் வேலை அவரை விட்டு நகர்ந்துவிட்டது. முன்பெல்லாம் வாங்கிய பில் கையில் இருந்தால், அதில் உள்ள வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 2022 ஜனவரியிலிருந்து சட்டம் மாறிவிட்டது. நமக்கு விற்றவர் தன் விற்பனைக் கணக்கில் அந்த பில்லை ஏற்றியிருக்க வேண்டும், அது நம் 2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும். வராத பில்லுக்கு வரிக்கழிவு கிடையாது. விற்றவர் மாதம் 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும், 14ஆம் தேதி நமக்கு 2பி வரும், 20ஆம் தேதிக்குள் நாம் 3பி தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். அண்ணன் இன்னும் பில்லை வாங்கி ஃபைலில் குத்துவதோடு தன் வேலை முடிந்தது என்றே நினைக்கிறார். 2பியை ஆடிட்டர் ஆபீஸ் பார்க்கும், 18ஆம் தேதி அங்கிருந்து போன் வந்தால் தேடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

இதனால் என்ன நஷ்டம்? 1,20,000 ரூபாய் சரக்குக்கு 18 சதவீத வரி 21,600 ரூபாய். இப்படி நான்கு பில் 2பியில் வரவில்லை என்றால் 86,400 ரூபாயைக் கையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். விற்றவர் பிறகு ஏற்றினால் அந்தக் கழிவு திரும்பக் கிடைக்கும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஆம் தேதியைத் தாண்டினால் பொதுவாகப் போனது போனதுதான்.

பேச்சைத் தொடங்கும் முன் முதலாளி செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: ‘அண்ணன் மாறவே மாட்டேங்கிறாரு’ என்ற பெருமூச்சை, மேலே சொன்னதுபோல ஒரு குறிப்பிட்ட வேலையாக, தேதியோடும் ரூபாயோடும் மாற்றிக்கொள்வது. அப்படி மாற்ற முடியவில்லை என்றால், உங்களுக்கு இருப்பது குறை இல்லை, சலிப்பு. சலிப்பை மதிப்பீட்டில் எழுதக் கூடாது.

இரண்டாவது, அவர் ஏன் நிற்கிறார் என்று பார்ப்பது. தெரியாமல் நிற்கிறாரா, முடியாமல் நிற்கிறாரா, மனமில்லாமல் நிற்கிறாரா, அல்லது நாமே நிறுத்தி வைத்திருக்கிறோமா? கடைசிக் கேள்வியை முதலாளிகள் கேட்பதே இல்லை. இந்தக் கடையில் ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டு ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறது. அண்ணன் 2பியைப் பார்க்க நினைத்தாலும் பார்க்க முடியாது. டாலியிலேயே 2பியை நம் கொள்முதலோடு ஒப்பிடும் வசதி இருக்கிறது. ஆனால் கடையில் ஓடுவது பழைய பதிப்பு. சந்தாவைப் புதுப்பிக்காதது யார்? கண் பிரச்சினையும் இருக்கலாம். ஐம்பதை நெருங்குபவர் 14 அங்குலத் திரையில் எண்களை வரி வரியாகப் பார்க்கத் தடுமாறுவார், ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார். பெரிய திரை ஒன்று வாங்கிப் போட்டால் பாதி ‘தேக்கம்’ அங்கேயே தீர்ந்துபோன இடங்கள் உண்டு.

மூன்றாவது, அளவுகோலில் நியாயம். 86,400 ரூபாயைக் காட்டி “இது உங்களாலதான்” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பில் ஏற்றாதது சப்ளையர். அதிலும் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி வரை உள்ள சிறு சப்ளையர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் முறையில் இருக்கலாம். அவர்கள் இடைப்பட்ட மாதங்களில் பில்லைத் தனியாக ஏற்றவில்லை என்றால், காலாண்டு முடியும்வரை நம் 2பியில் வராது. அண்ணன் தலைகீழாக நின்றாலும் வராது. அதனால் அவரை ரூபாயை வைத்து அளக்கக் கூடாது. அவர் கையில் இருப்பது என்ன? ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதிக்குள், வழக்கமாகத் தாமதிக்கும் சப்ளையர்களுக்கு போன் போட்டு “பில்லை ஏத்திருங்க” என்று சொல்வது. 14ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதலோடு ஒப்பிட்டு, வராத பில்களின் பட்டியலை 16ஆம் தேதி மாலைக்குள் கொடுப்பது. இந்த இரண்டும்தான் அளவுகோல். சப்ளையர்களின் குரலை வைத்தே ஆள் யார் என்று சொல்லும் அவருக்கு, முதல் வேலை உண்மையில் யாரையும் விட நன்றாக வரும். அவருடைய பழைய பலத்தின் மீதே புதிய வேலை நிற்கிறது. இதைப் பேச்சில் சொல்லலாம், ஏனென்றால் இது உண்மை.

நாளும் இடமும் முக்கியம். கணக்கு ஆளிடம் மாதம் 10 முதல் 20 வரை இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மார்ச் கடைசியில் பேசக் கூடாது. தீபாவளி போனஸ் கவரை நீட்டும்போது பேசவே கூடாது. வாங்கிய பணம் கசந்துபோகும், கேட்ட பேச்சு மறந்துபோகும். 3பி தாக்கல் முடிந்த பிறகு, 22 அல்லது 23ஆம் தேதி, மதியச் சாப்பாடு முடிந்து கவுன்டர் ஓய்ந்திருக்கும் நேரம் சரி. கடைப் பையன்கள் காதில் விழாத இடமாக, குடோனை ஒட்டிய அறையாக இருக்கட்டும். அவர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டாம். அங்கே அவர் குடும்பத் தலைவர், மனைவி மக்கள் முன்னால் குன்றிப்போவார். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். பெரியவர் இரண்டாவது நிமிடத்திலேயே “விடுப்பா, அவன் பாத்துக்குவான்” என்று முடித்துவிடுவார். அதோடு அடுத்த ஐந்து வருடம் போச்சு. இரண்டு நாள் முன்னாலேயே, “அண்ணே, வெள்ளிக்கிழமை மதியம் 2பி வேலை பத்தி அரை மணி நேரம் பேசணும்” என்று விஷயத்தோடு சொல்லிவிடுங்கள். ‘கொஞ்சம் பேசணும்’ என்று மொட்டையாகச் சொன்னால் அவர் இரண்டு ராத்திரி தூங்க மாட்டார்.

சம்பளத்தை இந்தப் பேச்சில் கலக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் காது சம்பள எண்ணை மட்டும்தான் கேட்கும்.

இனி பேச்சு. பாராட்டில் தொடங்கி நடுவில் குறையைச் செருகி மறுபடி பாராட்டில் முடிக்கச் சொல்வார்கள். பதினெட்டு வருடப் பழக்கத்தில் அது எடுபடாது. தம்பி ஏன் திடீரென்று பழைய கதை பேசுகிறான் என்று அவர் முதல் வாக்கியத்திலேயே உஷாராகிவிடுவார். நேராகப் போவதுதான் அவருக்கு மரியாதை.

“அண்ணே, கடை கணக்குல ஒரு வேலை இப்ப நடக்காம இருக்கு. அதை நீங்க எடுத்துச் செய்யணும். அதைப் பேசத்தான் கூப்பிட்டேன்.”

“சொல்லுங்க தம்பி.”

“போன மூணு மாசத்துல நாலு பில் 2பில வரல. நமக்குத் தெரிஞ்சதே பதினெட்டாம் தேதி, ஆடிட்டர் சொல்லித்தான். 86,400 ரூபாய் கையிலருந்து கட்டினோம். பில் ஏத்தாதது சப்ளையர் தப்பு, உங்க தப்பு இல்ல. ஆனா வரலங்கிறதை நாமதான் மொதல்ல கண்டுபிடிக்கணும். அது இனிமே உங்க வேலை.”

இங்கே நிறுத்த வேண்டும். அவர் பேசட்டும். பெரும்பாலும் வரும் பதில் இது: “அப்பா காலத்துலருந்து இப்படித்தான தம்பி பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லயே.”

இந்தப் பதிலுக்குத் தயாராகாமல் அறைக்குள் போகவே கூடாது, ஏனென்றால் அவர் சொல்வது சரி. தேக்கம் அவருடையது என்றாலும், அதற்கு வருடா வருடம் ஒப்புதல் கொடுத்தது முதலாளி. வாதாடினால் தோற்பீர்கள், மழுப்பினால் விஷயம் கரைந்துவிடும்.

“உண்மைதாண்ணே. அப்பாவும் சொல்லல, நானும் சொல்லல. சொல்லாததுக்கு உங்களைக் குத்தம் சொல்லப்போறதில்ல. போனதை எடுத்து வைக்கவும் மாட்டேன். அடுத்த மாசத்துலருந்துதான் கணக்கு. எட்டாம் தேதிக்குள்ள போன், பதினாறாம் தேதிக்குள்ள பட்டியல். பாஸ்வேர்டு ஆடிட்டர்கிட்ட வாங்கிட்டேன். டாலி புதுசு போட்டாச்சு. மொத ரெண்டு மாசம் ஆடிட்டர் ஆபீஸ்லருந்து ஒரு ஆள் வந்து கூட உக்காந்து காட்டுவாங்க. வேற என்ன வேணும், நீங்க சொல்லுங்க.”

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு உண்மையிலேயே காத்திருங்கள். கண் பிரச்சினை வெளியே வருவது இங்கேதான். பேங்குக்கு அலைய வைக்கிறீர்கள், மதியம் இரண்டு மணி நேரம் அதிலேயே போகிறது என்பதும் இங்கேதான் வரும். அதையெல்லாம் குறித்துக்கொண்டு, முடிந்ததை அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிலர் வேறு விதமாக முடிப்பார்கள். “அப்ப நான் வேலையை விட்டு நின்னுக்கிறேன் தம்பி.” இது பெரும்பாலும் ராஜினாமா இல்லை, அடிபட்ட பேச்சு. பயந்துபோய் “ஐயோ, அப்படி இல்லண்ணே, விடுங்க, பழையபடியே பாருங்க” என்று பின்வாங்கினால், இனி அந்த விஷயத்தை எப்போதும் எடுக்க முடியாது. “சரி, உங்க இஷ்டம்” என்று சொன்னால் பதினெட்டு வருடம் ஒரு நிமிடத்தில் போய்விடும். “நீங்க நிக்கணும்னு பேசலண்ணே. இந்த வேலையை நீங்க செய்யணும்னு பேசறேன். இன்னைக்கு இதோட விடுவோம். திங்கக்கிழமை உக்காருவோம்” என்று சொல்லி எழுந்துவிடுங்கள். திங்கட்கிழமை கட்டாயம் உட்காருங்கள்.

மரியாதை என்று நினைத்து நாம் சொல்லும் சில வார்த்தைகள்தான் காரியத்தைக் கெடுக்கின்றன. “கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே” என்றால் எதைப் பார்ப்பது? “காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும்ல” என்பது இன்னும் மோசம். அதில் வேலை எதுவும் இல்லை, வயதைச் சொல்லிக் காட்டுவது மட்டும்தான் இருக்கிறது. கவுன்டர் பையனோடு ஒப்பிடுவதை அறவே விடுங்கள். “அவன் ஒரு மணி நேரத்துல முடிச்சுருவான்” என்று சொன்ன நாளிலிருந்து, அந்தப் பையனுக்கு அவர் ஒரு வேலையும் சொல்லித்தர மாட்டார். நஷ்டம் இரண்டாகும்.

பேசியதை அன்று மாலையே எழுதுங்கள். பெரிய படிவம் தேவையில்லை, அரைப் பக்கம் போதும்:

‘22ஆம் தேதி நாம் பேசியபடி: (1) தாமதிக்கும் சப்ளையர்களுக்கு ஒவ்வொரு மாதமும் 8ஆம் தேதிக்குள் போன் செய்வது, (2) 2பியை ஒப்பிட்டு, வராத பில்களின் பட்டியலை 16ஆம் தேதி மாலைக்குள் கொடுப்பது, இனி உங்கள் பொறுப்பு. இதற்காகக் கடை செய்து தருவது: பாஸ்வேர்டு, டாலி புதிய பதிப்பு, பெரிய திரை, இரண்டு மாதப் பயிற்சி. பேங்க் வேலை வேறு ஆளுக்கு மாற்றப்படுகிறது. மூன்று மாதம் பார்த்து முடிவு செய்வோம். இதுவரை நடந்ததற்காக எந்தக் குறையும் பதிவு செய்யவில்லை. இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் 15 நாளுக்குள் கீழே எழுதித் தரவும்.’

இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து, ஒன்று அவருக்கு. அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் “படித்தேன்” என்று மட்டும் எழுதச் சொல்லலாம், ஒப்புக்கொண்டதாக எழுதத் தேவையில்லை. ‘குறை பதிவு செய்யவில்லை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தாள் என்றாலே மெமோ என்று பயப்படுபவர்களுக்கு அந்த ஒரு வரிதான் மூச்சு.

மதிப்பெண் போடும் நிறுவனமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. எட்டு வருடம் ஐந்துக்கு நான்கு போட்டுவிட்டு, ஒன்பதாம் வருடம் திடீரென்று இரண்டு போடாதீர்கள். உத்தரப் பிரதேச ஜல் நிகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே இதைத் தொட்டது. முந்தைய தரத்திலிருந்து இறக்கினால் காரணம் எழுத வேண்டும், ஊழியரிடம் சொல்ல வேண்டும். பேசிய வருடத்துக்கு அதே நான்கைப் போட்டு, பக்கத்தில் எதிர்பார்ப்பை எழுதுங்கள். எண் இறங்குவதானால் அது அடுத்த வருடம்.

மூன்று மாதமும் 17ஆம் தேதி பத்து நிமிடம் உட்கார வேண்டும். பெரும்பாலான முதலாளிகள் கோட்டை விடுவது இங்கேதான். முதல் மாதம் கேட்பார்கள், இரண்டாவது மாதம் ஊருக்குப் போய்விடுவார்கள், மூன்றாவது மாதம் அண்ணனே மறந்துவிடுவார். பட்டியல் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, அதில் விடுபட்டது உண்டா? இவ்வளவுதான் பார்க்க வேண்டும். முதல் மாதம் தவறு இருக்கும். ஒரே பில்லின் எண்ணை நாம் ஒரு மாதிரியும் சப்ளையர் வேறு மாதிரியும் எழுதியிருப்போம். அது ‘வரவில்லை’ என்ற பட்டியலில் நிற்கும். அதைத் தேக்கம் என்று எண்ணக் கூடாது, கற்றுக்கொள்கிறார் என்பதற்கு அது அடையாளம். கவலைப்பட வேண்டியது, 16ஆம் தேதி வெறும் தாள் வந்தாலோ, பட்டியலைப் பையனிடம் போடச் சொல்லித் தன் பெயரில் கொடுத்தாலோதான்.

மூன்று மாதம் முடிந்ததும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். வேலை வந்துவிட்டது என்றால், சம்பள உயர்வைச் சொல்ல அதுதான் நாள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி வந்தது, அதாவது போன் வேலை நன்றாக நடக்கிறது, ஒப்பீடு மட்டும் வரவில்லை என்றால் ஒப்பீட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, சப்ளையர் பொறுப்பு முழுவதையும் அவருக்குக் கொடுக்கலாம். சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. ஆனால் கூடுதல் பொறுப்புக்கு வைத்திருந்த உயர்வு இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். இது தோல்வி இல்லை. கை சுத்தமான, சப்ளையர் மதிக்கும் ஒருவரை அவருக்குப் பொருந்தும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

எதுவுமே நகரவில்லை, மனமும் இல்லை என்றால் இன்னொரு மூன்று மாதம். இந்த முறை விளைவையும் தாளில் எழுத வேண்டும்.

அதற்குப் பிறகும் ஆளை அனுப்பத்தான் வேண்டும் என்று நினைக்கும் முதலாளிக்கு ஒரு தகவல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அவர் மேல்முறையீடும் செய்யலாம். பதினெட்டு வருடத்துக்கான கிராஜுவிட்டி தனி. அங்கே போய் “அவர் மாறவே இல்லை” என்று வாயால் சொன்னால் எடுபடாது. என்ன கேட்டீர்கள், என்ன வசதி செய்து கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் என்ன வந்தது என்று தாளில் காட்ட வேண்டும். அந்தத் தாள் இல்லாத முதலாளி அவரை நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 22ஆம் தேதி மதியம் அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.